பாக்கெட்டில் போட்டிருந்த 0.1-ஐ நம்பி நான் இழந்த ஏழு வருடங்கள்

சிகரெட்டை விட்டு இப்போது பதினான்கு மாதங்கள் ஆகின்றன. விட்டது எப்படி என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அதற்கு முந்தைய ஏழு வருடங்கள் பாக்கெட்டின் பக்கவாட்டில் அச்சடித்திருந்த இரண்டு எண்களைப் பார்த்து நான் எடுத்த முடிவுகளைச் சொல்லத்தான் எழுதுகிறேன். தார் இவ்வளவு மில்லிகிராம், நிகோட்டின் இவ்வளவு மில்லிகிராம் என்று இருக்குமே, அந்த எண்கள். அவை எப்படி அளக்கப்படுகின்றன என்று யாராவது பத்து நிமிடம் உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் நான் வேறு மாதிரி நடந்திருப்பேன் என்ற ஆதங்கம் இன்னும் போகவில்லை.

ஆரம்பத்தில் நான் பிடித்தது தார் 10 மி.கி., நிகோட்டின் 0.8 மி.கி. என்று போட்டிருந்த சிகரெட். ஒரு நாளைக்குப் பதினான்கு. காலையில் இருமல் வர ஆரம்பித்ததும் பயந்துபோய், ஒரேயடியாக விடத்தான் முடியவில்லை, குறைத்துக்கொண்டாவது வருவோம் என்று தார் 6 மி.கி. உள்ளதற்கு மாறினேன். இரண்டு வருடம் கழித்து தார் 1 மி.கி., நிகோட்டின் 0.1 மி.கி. என்று போட்டிருந்த சிகரெட்டுக்கு வந்தேன். அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதி நன்றாக நினைவிருக்கிறது. பத்திலிருந்து ஒன்று, அதாவது பத்தில் ஒன்பது பங்கு விஷத்தை விட்டாயிற்று, மீதி ஒரு பங்குதான் என்று மனைவியிடமும் சொன்னேன். அவளும் நம்பினாள். சில மாதங்களில் பதினான்கு சிகரெட் இருபத்திரண்டு ஆனது. அதற்கும் கணக்கு வைத்திருந்தேன்: இருபத்திரண்டு பிடித்தாலும் மொத்தம் 22 மி.கி. தார்தானே, முன்பு 140 மி.கி. அல்லவா என்று. அந்தக் கூடுதல் எட்டை மட்டும் ஐந்து வருடத்துக்குக் கணக்குப் பார்த்தால் 14,600 சிகரெட், இருபது போட்ட பாக்கெட்டில் 730 பாக்கெட். குறைக்கிறோம் என்ற நினைப்பில் கூடுதலாக வாங்கியவை அவை.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது அதிகமானபோது, சரி, இனி முழுதாக விட்டுவிடலாம் என்று, தோலில் ஒட்டினால் நாள் முழுக்க உடம்புக்குள் நிகோட்டினை விடும் பேட்ச் வாங்கப் போனேன். ஒரு நாளைக்கு 21, 14, 7 மி.கி. என்று மூன்று அளவு இருந்தது. இங்கேயும் அதே எண்ணைத்தான் பிடித்துக்கொண்டேன். 22 சிகரெட்டை 0.1-ஆல் பெருக்கினால் 2.2 மி.கி.; அப்படியானால் 7 மி.கி. பேட்சே நான் தினமும் எடுப்பதைவிட மூன்று மடங்கு, 21 ஒட்டினால் உடம்புக்கு ஆகாது என்று மிகச் சிறியதை எடுத்தேன். ஆறாவது நாள் ராத்திரி பதினொரு மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு சிகரெட் தேடிப் போனேன். தூக்கம் இல்லை, எல்லோர் மேலும் எரிச்சல், கை ஓயாமல் எதையோ தேடுகிறது. இரண்டு மாதம் கழித்து மறுபடி முயன்றேன், இந்த முறை நான்கே நாள். இரண்டு பெட்டி பேட்ச் வீணானது சின்ன விஷயம். மூன்று மடங்கு நிகோட்டின் கொடுத்தும் அடங்காத அளவுக்கு எனக்கு மனவுறுதி இல்லை என்று நானே முடிவு கட்டினேனே, அதுதான் பெரிய நஷ்டம். அதற்கப்புறம் ஒன்றரை வருடம் விட முயற்சியே செய்யவில்லை.

மூச்சு வாங்கல் முற்றி ஒரு நுரையீரல் மருத்துவரிடம் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவர் கையடக்கமான ஒரு கருவியைக் கொடுத்து, மூச்சை இழுத்துப் பதினைந்து விநாடி அடக்கி மெதுவாக ஊதச் சொன்னார். மூச்சுக் காற்றில் இருக்கும் கார்பன் மோனாக்சைடை அது காட்டும். திரையில் 27 பிபிஎம் வந்தது. புகை பிடிக்காதவருக்கு இது பெரும்பாலும் ஒற்றை இலக்கத்தில்தான் இருக்குமாம். “எத்தனை பிடிக்கிறீங்க?” என்று கேட்டார். “இருபத்திரண்டு டாக்டர், ஆனா 1 மி.கி. சிகரெட்தான்” என்றேன். “அது மெஷினுக்கு 1 மி.கி. உங்களுக்கு எவ்வளவுன்னு பார்க்கலாம்” என்று சொல்லி ரத்தத்தில் கோட்டினின் பார்க்க எழுதிக் கொடுத்தார்.

இந்த கோட்டினினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாக்கெட் பேசுவதைத் தாண்டி உங்கள் உடம்பு பேசுவது இதில்தான். நிகோட்டின் உடம்புக்குள் போனதும் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும், அதனால் அதை அளந்தால் கடைசியாகப் பிடித்த சிகரெட்தான் தெரியும். ஆனால் கல்லீரல் அதில் பெரும்பகுதியைக் கோட்டினினாக மாற்றுகிறது, அது பாதியாக ஏறக்குறைய 16 மணி நேரம் ஆகும். ஆகவே தினமும் பிடிப்பவரின் ரத்தத்தில் அது ஓரளவு நிலையாக நிற்கும், நாள் முழுக்க எவ்வளவு நிகோட்டின் உள்ளே போயிற்று என்று அதை வைத்து மதிப்பிடலாம். எனக்கு வந்தது ஒரு மில்லிலிட்டருக்கு 260 நானோகிராம். அதை 0.08-ஆல் பெருக்கினால் ஒரு நாளில் உடம்பு எடுத்துக்கொண்ட நிகோட்டின் மில்லிகிராமில் கிடைக்கும் என்று ஆய்வாளர்கள் ஒரு சராசரிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஆள் கல்லீரல் வேகம் மாறும் என்பதால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். 260-ஐப் பெருக்கினால் கிட்டத்தட்ட 21 மி.கி. இருபத்திரண்டு சிகரெட்டுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 0.95 மி.கி. பாக்கெட்டில் 0.1. நான் முதலில் பிடித்த சிகரெட்டின் பாக்கெட்டில் போட்டிருந்த 0.8-ஐவிடக்கூட இது அதிகம்.

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, பாக்கெட்டில் பொய் அச்சடித்திருக்கிறார்கள் என்று. பொய் இல்லை என்று மருத்துவர் சொன்னார். ஆய்வகத்தில் அளந்தால் 0.1 தான் வரும், யார் அளந்தாலும் வரும். அளக்கிற முறை அப்படி. வீட்டுக்கு வந்து பல நாள் அந்த முறையைப் பற்றித் தேடிப் படித்தேன். எனக்குப் புரிந்ததை என் கணக்கோடு சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். 0.1 மி.கி. என்பது சிகரெட்டுக்குள் இருக்கும் நிகோட்டின் அல்ல. சாதாரணமாக ஒரு சிகரெட்டுக்குள் இருக்கும் புகையிலையில் ஏறக்குறைய 10 மி.கி. நிகோட்டின் இருக்கும், 1 மி.கி. சிகரெட்டும் இதில் பெரிய விதிவிலக்கு இல்லை. பாக்கெட்டில் இருப்பது, ஒரு மெஷின் குறிப்பிட்ட விதத்தில் இழுத்தபோது ஃபில்டர் வழியாக வெளியே வந்த அளவு மட்டும். அதாவது பானையில் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை, ஒரு கரண்டிக்கு எவ்வளவு வந்தது என்றுதான் சொல்கிறார்கள். கரண்டி யாருடையது என்பதுதான் கேள்வி.

அந்த மெஷின் இப்படி வேலை செய்கிறது. சிகரெட்டுகளை முதலில் இரண்டு நாளாவது 22 டிகிரி வெப்பம், 60 சதவீத ஈரப்பதம் உள்ள இடத்தில் வைத்துப் பதப்படுத்துகிறார்கள், ஈரம் மாறினால் எரிவதும் மாறும் என்பதற்காக. அப்புறம் சிகரெட்டின் வாய்ப்பக்க நுனியை ஒரு பிடிப்பானில் 9 மில்லிமீட்டர் உள்ளே செருகுகிறார்கள். பற்றவைத்ததும் பம்பு இரண்டு விநாடியில் 35 மில்லிலிட்டர் புகையை இழுக்கும். அப்புறம் சும்மா இருக்கும். இந்த இழுப்பு தொடங்கியதிலிருந்து சரியாக 60 விநாடி ஆனதும் அடுத்த இழுப்பு. ஃபில்டரைச் சுற்றியிருக்கும் காகிதத்துக்கு 3 மில்லிமீட்டர் மேலே என்பது போல முன்பே குறித்து வைத்த கோடு வரை எரிந்ததும் நிறுத்திவிடும். பெரும்பாலும் ஏழெட்டு இழுப்பில் ஒரு சிகரெட் முடிந்துவிடும். வரும் புகை முழுக்க கேம்பிரிட்ஜ் ஃபில்டர் என்று சொல்லப்படும் கண்ணாடி இழை வட்டு வழியாகப் போகும், துகள்கள் எல்லாம் அதில் தங்கிவிடும். மிஞ்சிய வாயுவைப் பையில் பிடித்து கார்பன் மோனாக்சைடை அளப்பார்கள். வட்டின் எடையை முன்னும் பின்னும் நிறுத்து வித்தியாசம் எடுத்து, அதிலிருந்து தண்ணீரையும் நிகோட்டினையும் கழித்தால் மிச்சம் இருப்பதற்குப் பெயர்தான் தார். தார் என்று தனியாக ஒரு பொருளே கிடையாது, ஆயிரக்கணக்கான பொருள்கள் சேர்ந்த அந்தப் பிசுக்குக்கு அது ஒரு கணக்குப் பெயர் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

இந்த 35 மில்லிலிட்டர், இரண்டு விநாடி, ஒரு நிமிடம் என்ற அளவுகள் 1936-இல் ஒரு அமெரிக்கப் புகையிலை நிறுவனத்தின் வேதியியலாளர்கள் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தவை. 1967-இல் அமெரிக்காவின் வர்த்தகக் கண்காணிப்பு அமைப்பான எஃப்டிசி இந்த முறையை எடுத்துக்கொண்டது, சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் முறையும் ஏறக்குறைய இதேதான். அந்த 1967-இலேயே எஃப்டிசி, இரண்டு பேர் ஒரே மாதிரி புகை பிடிப்பதில்லை, இது ஒரு சிகரெட்டை இன்னொன்றோடு ஒப்பிட மட்டும்தான் என்று சொல்லியும் இருக்கிறது. ஒப்பிடுவதற்கு என்று வந்த எண் பாக்கெட்டில் ஏறியதும், வாங்கும் ஆள் அதைத் தன் உடம்புக்குப் போகும் அளவு என்றுதானே படிப்பான்? நான் அப்படித்தான் படித்தேன்.

இனி ஃபில்டருக்கு வருவோம். 10 மி.கி. சிகரெட் 1 மி.கி. ஆவதற்குப் புகையிலையில் பெரிதாக எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஃபில்டரைச் சுற்றிய காகிதத்தில் வரிசையாக நுண்ணிய துளைகள் போட்டால் போதும். வாயால் இழுக்கும்போது ஒரு பங்கு காற்று எரியும் முனை வழியாகப் புகையாக வரும், மீதி இந்தத் துளைகள் வழியாகச் சுத்தமான காற்றாகவே வந்து கலந்துவிடும். 1 மி.கி. வகைகளில் இழுப்பில் 80 சதவீதம் வரைகூட வெறும் காற்றாக இருக்கலாம். அந்தத் துளைகள் பெரும்பாலும் நுனியிலிருந்து 11 முதல் 15 மில்லிமீட்டரில் இருக்கும். மெஷினின் பிடிப்பான் கவ்வுவது 9 மில்லிமீட்டர். ஆகவே மெஷின் ஒரு துளையைக்கூட மூடாது. என் உதடும் விரலும் எங்கே இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் யோசிப்பதோடு நிற்காமல் ஒரு சிகரெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். ஃபில்டர் காகிதத்தைக் கவனமாகப் பிரித்து ஜன்னலுக்கு எதிரே பிடித்தால் புள்ளி வைத்த மாதிரி வளையம் தெரிகிறது. ஐந்து வருடம் தினமும் கையில் வைத்திருந்தும் ஒரு நாள்கூட நான் அதைக் கவனித்ததில்லை. அப்புறம் சாம்பல் கிண்ணத்தில் கிடந்த துண்டுகளை எடுத்து வாய்ப்பக்க நுனியைப் பார்த்தேன். இது யாரும் செய்து பார்க்கக்கூடிய சோதனை, ஆய்வாளர்களே பயன்படுத்தியது. துளைகள் திறந்திருந்தால் வெளியிலிருந்து வரும் காற்று ஃபில்டரின் ஓரமாகவே ஓடும், புகை நடுவில் ஓடும்; அதனால் நுனியில் நடுவில் பழுப்புப் பொட்டும் சுற்றி வெள்ளை வளையமும் இருக்கும். துளைகள் மூடப்பட்டிருந்தால் நுனி முழுக்க ஒரே பழுப்பாக இருக்கும். பாதி மூடியிருந்தால் கறை ஒரு பக்கமாக ஓரம் வரை போயிருக்கும். நான் பார்த்த இருபது துண்டுகளில் சுத்தமான வெள்ளை வளையம் இருந்தவை மூன்றே மூன்று. மற்றவற்றில் பெரும்பாலும் ஒரு பக்கம் ஓரம் வரை கறை, ஐந்தாறு முழுப் பழுப்பு. நான் வேண்டுமென்று அடைக்கவில்லை. லேசாக இருக்கிறது, திருப்தி இல்லை என்று உதட்டை இன்னும் உள்ளே கொண்டுபோகவும் விரலை இறுக்கவும் உடம்பே பழகியிருந்தது.

ஒரு நண்பனிடம் எனக்குத் தெரியாமல் நான் பிடிப்பதை போனில் படம் எடுக்கச் சொல்லியிருந்தேன். பார்த்தபோது ஒரு சிகரெட்டுக்குப் பதின்மூன்று இழுப்பு, நடுவில் சராசரியாக 25 விநாடி. இழுப்பின் அளவை வீட்டில் அளக்க வழியில்லை, ஆனால் மனிதர்கள் 50, 60 மில்லிலிட்டர் இழுப்பது சாதாரணம் என்பதால் 55 என்று வைத்துக்கொண்டேன். இப்போது கணக்கைப் பாருங்கள், தோராயமானதுதான். மெஷின் 8 முறை 35 மில்லிலிட்டர், மொத்தம் 280. அதில் 80 சதவீதம் துளைக் காற்று, எரியும் முனை வழியாக வந்தது 56 மட்டும். நான் 13 முறை 55, மொத்தம் 715. துளைகள் எல்லாம் திறந்திருந்தால் துளைக் காற்றும் புகையும் நாலுக்கு ஒன்று. பாதித் துளையை மூடினால் அது இரண்டுக்கு ஒன்றாகிவிடும், அதாவது மூன்றில் ஒரு பங்கு புகை, 238 மில்லிலிட்டர். மெஷினைவிட நான்கு மடங்குக்கு மேல். முழுக்க மூடினால் 715-ம் புகைதான், ஏறக்குறைய பதின்மூன்று மடங்கு. என் ரத்தம் காட்டியது ஒன்பதரை மடங்கு. இரண்டுக்கும் நடுவில் சரியாகப் போய் உட்கார்ந்தது. வேகமாக இழுத்தால் ஃபில்டர் பிடித்து வைக்கும் அளவும் குறையும், அதுவும் இதில் சேரும். அந்தக் காகிதத்தில் கணக்கை முடித்தபோது ராத்திரி ஒரு மணி. கொஞ்ச நேரம் அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. ஐந்து வருடமாக நான் எதையுமே குறைக்கவில்லை.

ஏன் உடம்பு இப்படிச் செய்கிறது என்றால், அது தேடுவது நிகோட்டினை. தனக்குப் பழகிய அளவு வரும் வரை இழுப்பைப் பெரிதாக்கும், இடைவெளியைக் குறைக்கும், துளையை மூடும், எண்ணிக்கையைக் கூட்டும். நான்கையும் நான் செய்தேன், ஒன்றும் எனக்குத் தெரியாது. நிகோட்டினுக்காக இழுக்கும்போது தாரும் கார்பன் மோனாக்சைடும் கூடவே வருகின்றன. இதைவிட வருத்தமான விஷயம் ஒன்றும் படித்தேன். சிகரெட்டின் அமைப்பிலும் கலவையிலும் வந்த மாற்றங்களால் நுரையீரலில் அடினோகார்சினோமா என்ற வகைப் புற்றுநோய் அதிகமாகியிருக்கிறது, புகையை இன்னும் ஆழமாக இழுக்க வைக்கும் துளை போட்ட ஃபில்டருக்கும் அதில் பங்கு இருக்கலாம் என்று 2014-இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கை சொன்னது. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் லட்சக்கணக்கானவர்களைத் தொடர்ந்து கவனித்து 2004-இல் வெளிவந்த ஆய்வில், ஃபில்டர் சிகரெட்டில் தார் மிகக் குறைவு, குறைவு, நடுத்தரம் என்ற மூன்று வகையைப் பிடித்தவர்களுக்குள்ளும் நுரையீரல் புற்றுநோய் ஆபத்தில் வித்தியாசம் இல்லை. ஃபில்டரே இல்லாத, தார் அதிகமான பழைய வகைக்கு மட்டும் ஆபத்து இன்னும் கூடுதல். 10-லிருந்து 1-க்கு மாறியதில் எனக்குக் கிடைத்தது என்ன என்ற கேள்விக்கு இதற்கு மேல் பதில் தேவையில்லை.

இங்கே ஒரு கேள்வி வரும், அப்படியானால் மெஷினை மனிதன் மாதிரி இழுக்க வைத்தால் சரியாகிவிடாதா என்று. செய்திருக்கிறார்கள். கனடா அரசு கொண்டுவந்த கடுமையான முறையில் 55 மில்லிலிட்டர், 30 விநாடிக்கு ஒருமுறை, துளைகள் எல்லாவற்றையும் டேப் ஒட்டி மூடிவிட்டு அளப்பார்கள். அப்படி அளந்தால் 1 மி.கி. சிகரெட்டின் எண் பல மடங்கு ஏறிவிடும், வகைகளுக்கு நடுவில் இருந்த பெரிய இடைவெளியும் சுருங்கிவிடும். ஆனால் அந்த எண்ணையும் உங்கள் அளவு என்று எடுத்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் அதுவும் ஒரு நிலையான இழுப்புதான், ஒரே ஆள் காலையில் முதல் சிகரெட்டை இழுப்பதும் மதியம் பேச்சுக்கு நடுவில் இழுப்பதும் ஒன்றல்ல. எந்த மெஷின் எண்ணும் ஒரு மனிதனின் அளவைச் சொல்லாது. 2008-இல் எஃப்டிசியே தன் பழைய வழிகாட்டுதலைத் திரும்பப் பெற்றுவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2016 முதல் இந்த எண்களைப் பாக்கெட்டில் போடவே கூடாது. ‘லைட்’, ‘மைல்டு’ போன்ற சொற்களுக்குப் பல நாடுகளில் தடை இருக்கிறது. ஆனால் சொல் போன இடத்தில் பாக்கெட்டின் நிறம் வந்துவிட்டது, வெளிர் நிறம் என்றால் லேசானது என்று எல்லோருக்கும் பழகிவிட்டது. எண்ணோ சொல்லோ இல்லாத இடத்திலும் நிறத்தைப் பார்த்து நான் செய்த அதே தப்பைச் செய்ய முடியும். “லேசா இருக்கே” என்று தொண்டை சொல்வதையும் நம்பாதீர்கள். காற்று கலந்த புகை தொண்டையில் மென்மையாகத்தான் இருக்கும், நுரையீரலுக்குப் போன மொத்தம் அதில் தெரியாது.

இனி பேட்ச் விஷயம், இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். விட நினைப்பவர் பேட்ச் அளவைப் பாக்கெட் எண்ணை வைத்து முடிவு செய்யவே கூடாது. நான் 2.2 மி.கி. என்று நினைத்து 7 ஒட்டினேன். உண்மையில் தினம் 21 மி.கி. எடுத்துக்கொண்டிருந்த உடம்புக்கு மூன்றில் ஒரு பங்குதான் கொடுத்திருக்கிறேன். ஆறாவது நாள் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடியதற்கு மனவுறுதிக் குறைவு காரணமில்லை. மருத்துவர் என்னிடம் கேட்டது இரண்டே கேள்விகள்: ஒரு நாளைக்கு எத்தனை, காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட். பத்துக்கு மேல் என்றால் வழக்கமாக 21 மி.கி. பேட்சில் தொடங்குவார்கள், சிகரெட்டின் தார் எண் என்ன என்று பார்ப்பதில்லை. எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் என்றால் நிகோட்டின் மிட்டாயிலும் சூயிங்கத்திலும் 4 மி.கி. வகை, இல்லையென்றால் 2 மி.கி. எனக்கு எழுந்து பத்து நிமிடத்துக்குள் வேண்டும். 21 பேட்சும், ஆசை திடீரென்று ஏறும்போது மெல்ல 4 மி.கி. சூயிங்கமும் சேர்த்துக் கொடுத்தார். ஆறு வாரம் 21, அப்புறம் இரண்டு வாரம் 14, இரண்டு வாரம் 7. இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள், வேறு மருந்து சாப்பிடுபவர்கள் இதைத் தாங்களே தொடங்காமல் மருத்துவரைப் பார்த்துத் தொடங்குங்கள். பேட்ச் ஒட்டியிருக்கும்போது கோட்டினின் பார்த்தால் அது பேட்சின் நிகோட்டினையும் சேர்த்துத்தான் காட்டும், பயப்பட வேண்டாம்; அந்த நாட்களில் புகை பிடிக்கவில்லை என்று பார்க்க ஊதும் கருவிதான் சரி. ஆனால் கார்பன் மோனாக்சைடு சில மணி நேரத்தில் பாதியாகிவிடும் என்பதால் அது நேற்று, இன்று கதையைத்தான் சொல்லும், போன வாரக் கதையைச் சொல்லாது.

இந்த முறையும் சுலபமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். முதல் வாரம் தூக்கம் கெட்டது, பேட்ச் ஒட்டிய இடம் அரித்தது, இரண்டாவது வாரம் ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து மூன்று இழுப்பு இழுத்துவிட்டுக் கீழே போட்டேன். ஆனால் பழைய மாதிரி வெறி பிடித்து அலையவில்லை. உடம்பு கேட்ட அளவு கிடைத்துக்கொண்டிருந்தது, நான் பழக்கத்தோடு மட்டும் சண்டை போட்டால் போதுமாக இருந்தது. அந்தச் சண்டைக்கு எனக்குப் போதிய தெம்பு இருந்தது என்று தெரிந்தபோது, முன்பு ஒன்றரை வருடம் முயற்சியே செய்யாமல் விட்டேனே என்று நினைத்துத்தான் வலித்தது.

பத்தாவது வாரம் கடைசிப் பேட்சையும் எடுத்துவிட்டு மறுபடி அந்தக் கருவியில் ஊதினேன். 3 பிபிஎம். மூச்சு வாங்கல் முழுதாகப் போகவில்லை, நுரையீரலில் கெட்டுப்போன கொஞ்சம் இனித் திரும்பாது என்று மருத்துவர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். மாடிப்படி ஏறி மேலே வந்து உடனே பேச முடிகிறது. தெரிந்த ஒருவர் போன மாதம் 1 மி.கி. பாக்கெட்டைக் காட்டி, “இதுக்கு மாறிட்டேன், பரவாயில்லைல்ல?” என்று கேட்டார். அவர் கிண்ணத்தில் கிடந்த துண்டை எடுத்து நுனியைத் திருப்பிக் காட்டினேன். முழுப் பழுப்பு.